கீட்டோனில் நிற்பது ஏன்? வேதியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இளநிலை இறுதியாண்டிலும் முதுகலையிலும் கரிம வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு,

உங்கள் விடைத்தாள்களைத் திருத்துபவர்களில் நானும் ஒருத்தி. ஆண்டுதோறும் ஒரே கேள்விக்கு ஒரே மாதிரியான விடை வருகிறது. கேள்வி இது: அமிலக் குளோரைடுடன் கிரிக்னார்டு வினைப்பொருளைச் சேர்த்தால் மூவிணைய ஆல்கஹால் வரை போகிறது, லித்தியம் டைஆல்கைல்குப்ரேட்டைச் சேர்த்தால் கீட்டோனில் நின்றுவிடுகிறது, காரணம் தருக. உங்களில் பெரும்பாலோர் எழுதுவது: "கீட்டோன் அமிலக் குளோரைடை விட அதிக வினைத்திறன் கொண்டது. எனவே கிரிக்னார்டு கீட்டோனையும் தாக்குகிறது. குப்ரேட் வினைத்திறன் குறைந்தது. எனவே தாக்குவதில்லை."

இரண்டாவது பாதிக்கு மதிப்பெண் தந்துவிடுகிறேன். முதல் வாக்கியம் தவறு. அது எஸ்டர் பாடத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்த வாக்கியம். எஸ்டரை விடக் கீட்டோன் வேகமானது என்பது உண்மை. எஸ்டரில் OR தொகுதியின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களைக் கார்பனைலுக்குக் கொடுத்து அதன் பசியைத் தணித்துவைக்கிறது. அமிலக் குளோரைடில் குளோரின் அப்படித் தாராளமாகக் கொடுப்பதில்லை. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கத்தான் செய்கிறது. கார்பனைல் சேர்மங்களின் வரிசையை முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் அமிலக் குளோரைடுதான் உச்சியில் இருக்கிறது, கீட்டோன் கீழே. அதே தாளின் முந்தைய பக்கத்தில் வரிசையைச் சரியாக எழுதிவிட்டு, இந்தப் பக்கத்தில் அதைத் தலைகீழாக்குகிறவர்கள் உண்டு.

அப்படியானால் கேள்வி கடினமாகிறது. அமிலக் குளோரைடுதான் வேகமானது என்றால், கிரிக்னார்டு முதலில் அதை முழுவதும் தின்று முடிக்க வேண்டும். பிறகு தீர்ந்துபோக வேண்டும். ஒரு மோல் குளோரைடுக்கு ஒரு மோல் கிரிக்னார்டு சேர்த்தால் கீட்டோன்தான் கிடைக்க வேண்டும். ஏன் கிடைப்பதில்லை?

இரண்டு வேகங்களின் விகிதத்தைக் கொண்டு இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முதல் படி குளோரைடு கீட்டோனாவது, இரண்டாம் படி கீட்டோன் ஆல்காக்சைடாவது. இரண்டிலும் செலவாவது அதே கிரிக்னார்டு. இயற்பிய வேதியியலில் தொடர் வினைகளுக்கு நீங்கள் போட்ட கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். முதல் படி இரண்டாம் படியைப் போல 3 மடங்கு வேகமானது என்று வைத்துக்கொண்டால், நடுவில் நிற்கும் கீட்டோன் எட்டக்கூடிய உச்சம் 58 சதவீதம். 20 மடங்கு என்றால் 85. 1000 மடங்கு என்றால் 99க்கு மேல். கீட்டோனில் நிறுத்துவதற்குக் குளோரைடு 'கொஞ்சம்' வேகமாக இருந்தால் போதாது, வெகுதூரம் முந்திப் போக வேண்டும். இந்த எண்கள் எல்லாம் குடுவை முழுவதும் ஒரே சீராகக் கலந்திருக்கிறது என்ற நிபந்தனையில் வந்தவை. கிரிக்னார்டில் நாம் சறுக்கும் இடம் அந்த நிபந்தனைதான்.

சொட்டு விழும் இடத்தைப் பாருங்கள். பாலில் டிகாக்‌ஷனை ஊற்றியதும் கரண்டி சுழல்வதற்கு முன் ஒரு கரும்புள்ளி நிற்குமே, அப்படித்தான் ஒவ்வொரு சொட்டு கிரிக்னார்டும் குளோரைடுக் கரைசலில் ஒரு கணம் தனித்து நிற்கிறது. அந்தச் சிறு இடத்துக்குள் கிரிக்னார்டு மிகுதி, குளோரைடு குறைவு. அறை வெப்பநிலையில் முதல் படி, கலக்கியின் வேகத்தை விட வேகமாக நடந்து முடிகிறது. அந்த இடத்திலிருந்த குளோரைடு தீர்ந்துபோகிறது. வெளியிலிருந்து புதிய குளோரைடு வந்து சேருவதற்குள், அங்கேயே உருவான கீட்டோனைத் தவிர கிரிக்னார்டுக்கு வேறு இரை இல்லை. அதையும் அது எளிதாகவே தாக்கும். விகிதம் தாளில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கலப்பது பின்தங்கினால் அது செல்லாக்காசு. கிரிக்னார்டு கீட்டோனை 'அதிகம்' விரும்புகிறது என்பதல்ல இங்கே கதை. இரண்டையுமே கலக்கியை விட வேகமாகத் தாக்கக் கூடிய அளவுக்கு அது சூடான வினைப்பொருள். மெக்னீசியம் வேறு கார்பனைல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கீட்டோனை இன்னும் கூர்மையாக்கித் தருகிறது.

இதற்கு ஆய்வகத்தில் ஒரு அடையாளம் உண்டு. ஒரு மோலுக்கு ஒரு மோல் சேர்த்து, வினை முடிந்து நீர் விட்டபின், ஈதர் அடுக்கைச் சோடியம் பைகார்பனேட்டால் கழுவுங்கள். அந்தக் கழுவு நீரை அமிலமாக்கினால், நீங்கள் தொடங்கிய கார்பாக்சிலிக் அமிலம் திரும்பி வரும். ஈதரில் மூவிணைய ஆல்கஹால் இருக்கும். பாதி குளோரைடு இரண்டு முறை தாக்கப்பட்டது, மீதிப் பாதி ஒருமுறைகூடத் தாக்கப்படாமல் நீரில் நீராற்பகுப்படைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. கீட்டோன் மட்டும் அவ்வளவாக இராது.

நோய் கலப்பதில் இருக்கிறது என்று புரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். கிரிக்னார்டில் குளோரைடைச் சொட்டாமல், குளோரைடில் கிரிக்னார்டைச் சொட்ட வேண்டும். குளிர்வித்துச் சொட்ட வேண்டும். டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் மைனஸ் 78 டிகிரியில் மெதுவாகச் செய்தால் கிரிக்னார்டிலிருந்தே நல்ல விளைச்சலில் கீட்டோன் எடுக்க முடியும் என்று 1979இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குளிர் இரண்டு படிகளையும் மந்தமாக்கிக் கலக்கிக்கு நேரம் தருகிறது. "கிரிக்னார்டு கீட்டோனில் நிற்கவே நிற்காது" என்று விடைத்தாளில் அடித்து எழுதுபவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வழியில் அளவும் சேர்க்கும் முறையும் துல்லியமாக இருக்க வேண்டும். கிரிக்னார்டு கொஞ்சம் கூடிப்போனாலும் கூடியதெல்லாம் கீட்டோன் மேல் பாயும்.

இப்போது குப்ரேட்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு பெயர்: ஹென்றி கில்மன். அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் வேலை பார்த்தவர். 1947 வாக்கில் கண் நோயால் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். மனைவி ரூத்தின் கண்களைத் துணையாகக் கொண்டு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அமிலக் குளோரைடைக் கீட்டோனில் நிறுத்தும் சிக்கலுக்கு அவர் பெயரில் இரண்டு தீர்வுகள் இருக்கின்றன. முதலாவது 1936இல் நெல்சனுடன் வெளியிட்ட டைஆல்கைல்காட்மியம் முறை. கிரிக்னார்டைக் காட்மியம் குளோரைடுடன் சேர்த்து வீரியத்தைக் குறைத்து, பிறகு அமிலக் குளோரைடைச் சேர்ப்பது. பழைய பாடநூல்களில் இன்னும் இருக்கிறது. காட்மியத்தின் நஞ்சு காரணமாக இன்று யாரும் விரும்பிச் செய்வதில்லை. இரண்டாவது, 1952இல் அவரும் உடன் பணியாற்றியோரும் கண்ட தாமிரக் கரைசல். அப்போது அது அமிலக் குளோரைடுக்காகச் செய்யப்பட்டதல்ல. மெத்தில்தாமிரத்தின் குணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்த மஞ்சள் வீழ்படிவு இன்னொரு பங்கு மெத்தில்லித்தியத்தில் கரைந்துவிடுவதைக் கவனித்தார்கள். இன்று நாம் கில்மன் வினைப்பொருள் என்று அழைப்பது அந்தக் கரைசலைத்தான்: R2CuLi.

அதை அமிலக் குளோரைடு மேல் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் கேரி போஸ்னரும் விட்டனும். 1970இல் முதல் அறிக்கை, 1972இல் விரிவான கட்டுரை. அவர்கள் வைத்த நிபந்தனையைப் பாருங்கள்: ஒரு மோல் அமிலக் குளோரைடுக்கு மூன்று மோல் குப்ரேட், ஈதர் கரைப்பான், மைனஸ் 78 டிகிரி, கால் மணி நேரம். மூன்று மோல்! கிரிக்னார்டில் இப்படிச் செய்தால் குடுவையில் கீட்டோன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வினைப்பொருள் மும்மடங்கு மிகுதியாக இருந்தும் கீட்டோனைத் தொடாமல் விட்டால், முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே உள்ள இடைவெளி கலக்கியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத அளவுக்குப் பெரியது என்றுதான் பொருள். உங்கள் விடையில் எழுத வேண்டிய சான்று இதுதான்.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? கிரிக்னார்டில் கார்பன்-மெக்னீசியம் பிணைப்பு மிகவும் முனைவுற்றது. கார்பன் ஏறக்குறைய எதிரயனி போல நடந்துகொண்டு கார்பனைல் கார்பனை நேராகத் தாக்கும். குளோரைடாக இருந்தாலும் கீட்டோனாக இருந்தாலும் வழி ஒன்றே. குப்ரேட்டில் தாக்குவது கார்பன் அல்ல, தாமிரம். R-Cu-R என்று நேர்க்கோட்டில் நிற்கும் தாமிரத்தின் d எலக்ட்ரான்கள்தான் முன்னே செல்கின்றன. தாமிரம் அசைல் கார்பனுடன் பிணைகிறது, குளோரைடு வெளியேறுகிறது, தாமிரத்தின் ஆக்சிஜனேற்ற எண் +1இலிருந்து +3 ஆகிறது. அந்த நிலையில் தாமிரம் இருப்புக்கொள்ளாது. தன்மேல் இருக்கும் அசைல் தொகுதியையும் ஒரு R தொகுதியையும் ஒன்றாக இணைத்து வெளியே தள்ளிவிட்டு +1க்குத் திரும்புகிறது. இணைந்து வெளிவந்ததுதான் கீட்டோன். எஞ்சி நிற்பது RCu. இதைத் தாளில் வரைந்த படம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்கைல் அயோடைடுகளுடனான குப்ரேட் வினையில் இத்தகைய தாமிரம்(III) இடைநிலையை மிகக் குறைந்த வெப்பநிலையில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் 2007இல் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள்.

கீட்டோனில் வெளியேறுவதற்குக் குளோரைடு போன்ற குழு இல்லை. எனவே இந்தப் பாதை அதற்கு அடைபட்டிருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முடிக்கக் கூடாது. ஆல்டிஹைடிலும் வெளியேறும் குழு இல்லை. ஆனால் அது அந்தக் குளிரிலேயே குப்ரேட்டுடன் வினைபுரிகிறது. கீட்டோனும் முற்றிலும் பட்டினி கிடப்பதில்லை. 0 டிகிரிக்கு மேல் வெப்பநிலை ஏறினால், குறிப்பாகச் சைக்ளோஹெக்சனோன் போன்ற நெருக்கடி குறைந்த கீட்டோன்களில், குப்ரேட் மெதுவாகச் சேரத்தான் செய்கிறது. லித்தியம் அயனி ஆக்சிஜனைப் பிடித்து உதவி செய்யும். ஆகவே "குப்ரேட் கீட்டோனுடன் வினைபுரியாது" என்று எழுதாதீர்கள். "மைனஸ் 78 டிகிரியில் கால் மணி நேரத்துக்குள் குறிப்பிடும்படி வினைபுரியாது" என்று எழுதுங்கள். வெப்பநிலையையும் நேரத்தையும் எடுத்துவிட்டால் அந்த விடையில் பாதி போய்விடும்.

இனி, திட்டப்பணிக்காக இதைக் கையால் செய்யப் போகிறவர்களுக்கு. ஹெப்டனாயில் குளோரைடிலிருந்து 2-ஆக்டனோன் செய்வதாக வைத்துக்கொள்வோம். குளோரைடு 10 மில்லிமோல், அதாவது 1.49 கிராம். குப்ரேட் 30 மில்லிமோல் வேண்டும். அதற்குத் தாமிரம்(I) அயோடைடு 5.7 கிராம், மெத்தில்லித்தியம் 60 மில்லிமோல். குப்பியின் மேல் 1.6 மோலார் என்று எழுதியிருந்தால் 37.5 மி.லி. ஒரு நிமிடம் இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். பத்து மெத்தில் தொகுதிகளைக் கீட்டோனில் சேர்ப்பதற்காக அறுபதைக் குடுவையில் போடுகிறோம். இந்த முறையின் பெரிய குறை இதுதான். மலிவான R தொகுதிக்குப் பரவாயில்லை. பத்துப் படிகளில் அரும்பாடுபட்டுச் செய்த R தொகுதியை இப்படி வாரி இறைக்க யாருக்கும் மனம் வராது.

தாமிர அயோடைடைக் கையில் எடுத்ததும் அதன் நிறத்தைப் பாருங்கள். நல்லது வெள்ளை அல்லது மங்கலான வெள்ளை. பழுப்பேறியிருந்தால் அயோடினும் தாமிரம்(II) உப்பும் கலந்திருக்கும். அதை அப்படியே போடாமல் தூய்மைப்படுத்திக்கொள்ளுங்கள். உலர்ந்த ஈதரில், நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவின் கீழ், பனிக்கட்டிக் குளியலில் கலக்கிக்கொண்டே மெத்தில்லித்தியத்தைச் சொட்டாகச் சேர்க்கத் தொடங்குங்கள். முதல் பாதி சேரும்போது குடுவை மஞ்சளாகும். அது கரையாத மெத்தில்தாமிரம். இரண்டாம் பாதி சேரச் சேர மஞ்சள் கரைந்து, நிறமற்ற அல்லது லேசான பழுப்புக் கரைசலாகத் தெளியும். 1952இல் கில்மன் குழு கண்டதை உங்கள் கண்ணெதிரே பார்க்கிறீர்கள். கறுப்பாகிவிட்டால் தாமிர உலோகம் பிரிந்துவிட்டது என்று பொருள். வெப்பம் ஏறியிருக்கும், அல்லது காற்று புகுந்திருக்கும். மீண்டும் தொடங்குவதே நல்லது.

மெத்தில்லித்தியம் எவ்வளவு என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குப்பியின் மேல் எழுதிய செறிவை நம்பாதீர்கள், தரம் பார்த்த பிறகே அளவெடுங்கள். கரைசல் பழையதாகி உண்மையில் 1.4 மோலாராக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 37.5 மி.லி.யில் வருவது 52.5 மில்லிமோல். அப்போது 22.5 மில்லிமோல் குப்ரேட்டும் 7.5 மில்லிமோல் கரையாத மஞ்சள் மெத்தில்தாமிரமும் இருக்கும். இதனால் கெட்டது ஒன்றுமில்லை, குப்ரேட் இன்னும் மிகுதிதான். மாறாக ஈதர் ஆவியாகிக் கரைசல் செறிந்து 1.8 மோலாராக இருந்தால்? 67.5 மில்லிமோல் வரும். 60 போக 7.5 மில்லிமோல் மெத்தில்லித்தியம் மிஞ்சும். குப்ரேட்டுக்கு இருக்கும் பொறுமை மெத்தில்லித்தியத்துக்குக் கிடையாது. மைனஸ் 78 டிகிரியிலும் கீட்டோனைத் தாக்கும். உங்களிடம் இருப்பதே 10 மில்லிமோல் குளோரைடு. அதில் பெரும்பகுதி கெட்டுப்போகலாம். எனவே கடைசிச் சில மில்லி லிட்டர்களை அளவுக்குழாயின் கோட்டைப் பார்த்துச் சேர்க்காமல் குடுவையின் நிறத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மஞ்சள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே நிறுத்துங்கள். தெளிந்த கரைசல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மஞ்சள் தூசி கண்ணில் படும்வரை தனி மெத்தில்லித்தியம் மிஞ்சவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

பிறகு உலர்பனி-அசிட்டோன் குளியலுக்கு மாற்றுங்கள். குளோரைடைச் சிறிது ஈதரில் கரைத்துச் சேர்த்துவிடுங்கள். அது புதிதாக வாலைவடித்ததாக இருக்கட்டும். ஈரம் பட்டுப் பாதி அமிலமாக மாறிய குளோரைடு குப்ரேட்டைக் கொல்லும். கால் மணி நேரம் கழித்து, குளியலை எடுக்காமல், அதே குளிரில் மெத்தனாலைச் சேர்க்க வேண்டும். குளியலை எடுத்துவிட்டுத் தேநீருக்குப் போய்வந்து நீர் விட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், குப்ரேட் மிகுதியாக இருக்கும் குடுவையைத் தாங்களே சூடாக்குகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். கீட்டோனுக்கு மைனஸ் 78இல் இருந்த பாதுகாப்பு மைனஸ் 10இல் இல்லை. மெத்தனால் 5 மி.லி. போதும், மெதுவாக விடுங்கள். மீதமிருக்கும் மெத்தில் தொகுதிகள் 50 மில்லிமோல். எல்லாம் மீத்தேனாக வெளிவந்தால் அறை வெப்பநிலையில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வரும். வாயு வெளியேற வழி இருக்கட்டும், தீச்சுடர் எதுவும் அருகில் வேண்டாம். அதன் பிறகு நிறைவுற்ற அம்மோனியம் குளோரைடுக் கரைசலில் ஊற்றிக் காற்றுப்படக் கலக்கினால், தாமிரம் ஆக்சிஜனேற்றமடைந்து நீர் அடுக்குக்கு நீலமாக இறங்கும். சிறிது அம்மோனியாக் கரைசல் சேர்த்தால் இன்னும் விரைவாக இறங்கும். மெத்தில்லித்தியக் கரைசல் காற்றில் தீப்பற்றக் கூடியது என்பதால், மேற்பார்வையாளர் இல்லாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

கிடைத்தது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அகச்சிவப்பு நிறமாலையில் குளோரைடின் கார்பனைல் 1800 செ.மீ⁻¹ அருகில் வரும். அது மறைந்து 1715 அருகில் புதிய கூர்முனை வந்தால் கீட்டோன். அங்கே ஒன்றுமில்லாமல் 3400 அருகில் அகலமான பட்டை மட்டும் இருந்தால் 2-மெத்தில்-2-ஆக்டனால். மெத்தில்லித்தியம் மிஞ்சியது அல்லது குளிர் தவறியது. நிறமாலைக் கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் சோதனைக்குழாயே போதும். 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீனில் கீட்டோன் ஆரஞ்சு வீழ்படிவு தரும், ஆல்கஹால் தராது. லூகாஸ் கரைசலில் அந்த மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், கீட்டோன் கலங்காது. 2-ஆக்டனோன் மெத்தில் கீட்டோன் என்பதால் அயோடோஃபார்ம் சோதனையும் பலிக்கும். இந்த மூன்றையும் நீங்கள் பண்பறி பகுப்பாய்வில் எப்போதோ செய்துவிட்டீர்கள். இங்கே அவற்றுக்கு ஒரு உண்மையான வேலை கிடைக்கிறது.

2-ஆக்டனோன் செய்ய இவ்வளவு தாமிரம் எதற்கு, 2-ஆக்டனாலை ஆக்சிஜனேற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும். இந்த முறைக்கு மதிப்பு வருவது மூலக்கூறில் வேறு ஏதாவது ஒன்றும் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான். போஸ்னரின் கட்டுரையில் எனக்குப் பிடித்த உதாரணம், பத்து CH2 தொகுதிகள் கொண்ட சங்கிலியின் ஒரு முனையில் அமிலக் குளோரைடும் மறுமுனையில் அயோடினும் உள்ள I(CH2)10COCl. டைமெத்தில்குப்ரேட் ஆல்கைல் அயோடைடுடனும் வினைபுரியும். அது 1960களின் இறுதியில் கோரியும் போஸ்னரும் சேர்ந்தே நிறுவியது. ஆனால் மைனஸ் 78 டிகிரியில் குளோரைடு முந்திக்கொள்கிறது. அயோடின் அப்படியே இருக்க, அந்த முனை மட்டும் மெத்தில் கீட்டோனாகிறது. நைட்ரைல் முனை இருந்தாலும், சங்கிலியில் ஏற்கெனவே ஒரு கீட்டோன் இருந்தாலும் இதேதான். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த கீட்டோன் ஒன்று அதே மூலக்கூறில் குளோரைடுடன் போட்டிக்கு நிறுத்தப்பட்டும் தொடப்படவில்லை. இதே மூலக்கூறைக் கிரிக்னார்டிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

எல்லைகளும் உண்டு. மெத்தில், n-பியூட்டில் போன்ற ஓரிணையத் தொகுதிகளுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. ஈரிணைய, மூவிணைய ஆல்கைல் தொகுதிகளின் குப்ரேட்டுகள் நிலையற்றவை, எளிதில் சிதைந்துவிடும். n-பியூட்டில் குப்ரேட்டையே குளிரிலேயே செய்து குளிரிலேயே பயன்படுத்த வேண்டும். பீட்டா கார்பனில் ஹைட்ரஜன் இருப்பதால் வெப்பம் ஏறினால் சிதைந்து தாமிரமாகக் கறுக்கும். மூவிணைய பியூட்டில் தொகுதியைச் சேர்க்க, போஸ்னரும் விட்டனும் வேறு வழி பார்த்தார்கள். இரண்டு R தொகுதிகளுக்குப் பதில் ஒன்று R ஆகவும் மற்றொன்று ஃபீனைல்தயோ தொகுதியாகவும் இருக்கும் கலப்புக் குப்ரேட் செய்தார்கள். தாமிரம் கந்தகத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது, R-ஐ மட்டும் கொடுக்கிறது. இதனால் நிலைத்தன்மையும் கூடுகிறது, R வீணாவதும் குறைகிறது. பென்சாயில் குளோரைடிலிருந்து மூவிணைய பியூட்டில் ஃபீனைல் கீட்டோன் செய்யும் செய்முறை இந்த வழியில் 'ஆர்கானிக் சிந்தசிஸ்' தொகுப்பில் வெளிவந்திருக்கிறது. தயோஃபீனாலின் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் செய்து பாருங்கள். உங்கள் பக்கத்து ஆய்வக நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூலக்கூறில் ஆல்டிஹைடு இருந்தால் குப்ரேட்டை எடுக்காதீர்கள். R தொகுதி விலையேறியதாக இருந்து, ஒரு மோலைக்கூட வீணாக்க முடியாதென்றால் அப்போதும் வேண்டாம். அமிலக் குளோரைடை N-மெத்தாக்சி-N-மெத்தில் அமைடாக மாற்றிக்கொண்டு கிரிக்னார்டுக்கே திரும்புங்கள். 1981இல் நாஹ்ம், வைன்ரெப் என்ற இருவர் கொடுத்த வழி அது. அங்கே நிறுத்துவது வினைப்பொருளின் பொறுமை அல்ல. முதல் தாக்குதலில் உருவாகும் நான்முகி இடைநிலையை மெக்னீசியம் இரண்டு ஆக்சிஜன்களோடும் வளையமாகக் கட்டிவைத்துவிடுகிறது. நீர் விடும்வரை அது கீட்டோனாக உடைவதில்லை, உடையாத வரை கிரிக்னார்டுக்குத் தாக்க இரண்டாவது கார்பனைலும் இல்லை. தேர்வில் இந்த மூன்றையும் ஒப்பிடச் சொன்னால், ஒவ்வொன்றிலும் நீர் விடுவதற்கு முந்தைய நிமிடம் குடுவைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கிரிக்னார்டில் ஆல்காக்சைடும் தொடப்படாத குளோரைடும், குப்ரேட்டில் கீட்டோனும் மிஞ்சிய குப்ரேட்டும், வைன்ரெப் அமைடில் கட்டப்பட்ட நான்முகியும் இருக்கின்றன.

அன்புடன்,
கரிம வேதியியல் ஆசிரியர் ஒருத்தி